விட்டு வந்த இடத்திலிருந்து ஒரு கடிதம்

புது வேலை கிட்டத்தட்ட உறுதியாகிவிட்ட நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: "முந்தைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் எங்கே?" ராஜினாமா செய்த நாளிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது. இரண்டு ஆண்டு கழித்து, அங்கே எச்.ஆர். ஆட்களே மாறிவிட்ட பிறகு தேடிப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் ஒன்றல்ல. உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம், இன்ன தேதியில் பணியிலிருந்து விடுவித்தோம் என்று சொல்வது முன்னது. எந்தப் பதவியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்று சொல்வது பின்னது. சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் தந்துவிடும். ஆனால் கேட்கும்போது இரண்டின் பெயரையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். அனுபவச் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு, ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைக்கும் இடங்கள் உண்டு.

ஏன் நிறுத்துகிறார்கள்? பெரும்பாலும் கணக்கு முடியாததால்தான். ஒரு கற்பனை உதாரணம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த பெண். அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. நோட்டீஸ் காலம் 2 மாதம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் 1 மாதம் மட்டும் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்ட் 31 அன்று கிளம்பிவிட்டார். ஆகஸ்ட் சம்பளம் வரவில்லை. "நோட்டீஸ் பணம் கட்டினால்தான் லெட்டர்" என்று சொல்லிவிட்டார்கள். கடன்பட்டவர்போல் கூசிப்போய், அவரும் திரும்பக் கேட்கவே இல்லை.

அவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பணி நியமன ஆணையை. நோட்டீஸ் குறைந்தால் அடிப்படைச் சம்பளத்தைப் பிடிப்பார்களா, மொத்தச் சம்பளத்தையா என்று அதில் இருக்கும். அடிப்படைச் சம்பளம் என்றால் பிடித்தம் 15,000. வரவேண்டிய ஆகஸ்ட் சம்பளம் 30,000. வழக்கமான பிடித்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கம்பெனிதான் அவருக்கு 15,000 தர வேண்டும். மொத்தச் சம்பளத்தையே பிடித்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. அவர் கட்ட வேண்டியது எதுவுமில்லை. அதனால் லெட்டரைக் கேட்கும் அதே மெயிலில் ஃபைனல் செட்டில்மென்ட் கணக்கையும் எழுத்தில் கேட்க வேண்டும். நிலுவை என்று வாயால் சொல்வதற்கும் தாளில் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். ஊழியர் எண், பதவி, சேர்ந்த தேதி, கடைசி நாள், ராஜினாமா மெயில் அனுப்பிய தேதி, லேப்டாப்பும் அடையாள அட்டையும் ஒப்படைத்த தேதி ஆகியவை போதும். பழைய மனக்கசப்பு ஒரு வரிகூட வேண்டாம். எச்.ஆர். முகவரிக்கு அனுப்பி, முன்னாள் மேலாளருக்கும் நகல் வையுங்கள். 2 வாரத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல். அதன்பின் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். கம்பெனியாகப் பதிவான நிறுவனமென்றால் அந்த முகவரியை mca.gov.in தளத்தில் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ்.

லெட்டர் வந்ததும் பத்திரப்படுத்தும் முன் ஒரு தேதியைச் சரிபாருங்கள். பி.எஃப். கணக்கில் Service History பகுதியில் உங்கள் விலகல் தேதி இருக்கும். லெட்டரில் ஆகஸ்ட் 31, பி.எஃப்.பில் செப்டம்பர் 30 என்று இருந்து, செப்டம்பரில் நீங்கள் வேறு இடத்தில் சேர்ந்திருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததுபோல் தெரியும். பின்னணி சோதிப்பவர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான். பழைய நிறுவனம் விலகல் தேதியையே போடாமல் விட்டிருந்தால், விலகி 2 மாதம் கழிந்தபின் Mark Exit வழியாக நீங்களே பதியலாம். பதிந்ததை மாற்றுவது எளிதல்ல, ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

நிறுவனமே மூடிப்போயிருந்தால் என்ன செய்வது? நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பக்கங்கள், படிவம் 16, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றைச் சேர்த்து, லெட்டர் கிடைக்காத காரணத்தையும் எழுதிப் புது நிறுவனத்திடம் கொடுங்கள். ராஜினாமா மெயிலும் நினைவூட்டல்களும் இருந்தால் இன்னும் நல்லது. பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். தெரிந்த கடையில் லெட்டர்ஹெட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். சோதிப்பவர்கள் பழைய நிறுவனத்தையே நேரில் கேட்பார்கள். பொய்த் தாள் வேலையில் சேர்ந்து பல மாதம் கழித்துப் பிடிபட்டாலும் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள், அப்போது அந்த இடத்திலிருந்தும் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது.