வகுப்புப் பதிவு யார் கையில் போய்ச் சேருகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு ஜூமில் தனிப்பயிற்சி எடுக்கும் ஓர் ஆசிரியையை வைத்துக்கொள்வோம். அவரிடம் 28 மாணவர்கள் படிக்கிறார்கள். 6ஆம் தேதி சனிக்கிழமை மாலை வகுப்பு. அன்று மூன்று பேர் வீட்டில் கரண்ட் போய்விட்டது. வகுப்புக்கு வந்தவர்களிலும் பாதிப் பேர், "மிஸ், ரெக்கார்டிங் அனுப்புங்க, இன்னொரு தடவை பார்க்கணும்" என்கிறார்கள். 14ஆம் தேதி தேர்வு. பதிவை அனுப்பத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கிளவுடில் பதிவு தயாரானதும் ஜூம் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். வகுப்பு நடந்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு கழித்து அது வரலாம். அதில் ஆசிரியருக்கு மட்டும் திறக்கும் லிங்க் ஒன்று, பார்வையாளர்களுக்கான லிங்க் ஒன்று, அதன் கீழே பாஸ்கோடு என எல்லாம் சேர்ந்தே இருக்கும். அப்படியே நகலெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிடுகிறார்கள். `Copy sharing information` என்ற பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான். லிங்கும் பாஸ்கோடும் ஒரே செய்தியாக நகலாகின்றன.

பாஸ்கோடு போட்டிருக்கிறோம் என்ற நிம்மதி ஆசிரியருக்கு. ஆனால் அந்தச் செய்தியை ஒரு மாணவர் பக்கத்து ட்யூஷன் நண்பருக்கு ஃபார்வர்டு செய்தால் பூட்டும் சாவியும் ஒன்றாகவே போகின்றன. லிங்க் ஒரு வழியிலும் பாஸ்கோடு வேறு வழியிலும் போனால்தான் பாஸ்கோடுக்கு வேலை இருக்கிறது. லிங்க் குழுவில் இருக்கட்டும். பாஸ்கோடை அடுத்த வகுப்பில் வாயால் சொல்லலாம், பெற்றோர் எண்ணுக்குத் தனியாக எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். ஒரு நிமிட வேலை இது. ஆனால் தவறுதலாக வேறு குழுவில் விழுந்த லிங்க், நாலு பேர் கை மாறிய லிங்க் எல்லாம் இதோடு செத்துப்போகின்றன.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. ஜூமின் பதிவு அமைப்புகளில் `Embed passcode in the shareable link for one-click access` என்று ஒரு தெரிவு இருக்கிறது. ஒரே தட்டில் திறக்க வசதியாகப் பாஸ்கோடை லிங்குக்குள்ளேயே புதைத்து வைப்பது இது. அது இயக்கத்தில் இருந்தால் லிங்கின் வாலில் இப்படித் தெரியும்:

```
.../rec/share/.....?pwd=.....
```

`pwd=` என்ற எழுத்துகளைப் பார்த்தால், அந்த லிங்க் யாரிடமும் பாஸ்கோடு கேட்கப்போவதில்லை என்று பொருள். அமைப்பை அணைத்துவிட்டு லிங்கைப் புதிதாக நகலெடுக்க வேண்டும். சரிபார்க்க வழி எளிது. போனில் குரோமின் இன்காக்னிட்டோ பக்கத்தைத் திறந்து லிங்கை ஒட்டுங்கள். சாதாரணப் பக்கத்தில் சோதித்தால் பயனில்லை. நீங்கள் ஏற்கெனவே உங்கள் கணக்கில் உள்ளே இருப்பீர்கள், உங்களிடம் அது எதையும் கேட்காமல் போகலாம். இன்காக்னிட்டோவில் பாஸ்கோடு கேட்டால் சரி. வீடியோ நேராக ஓடத் தொடங்கினால் ஊருக்கே திறந்திருக்கிறது.

இனி அந்த ஆசிரியை உட்கார்ந்து செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் ஒரு விஷயம்: ஜூமில் கிளவுடு பதிவு கட்டணக் கணக்குகளுக்கு மட்டுமே. கணினியில் zoom.us தளத்துக்குள் போய், இடப்பக்கப் பட்டியலில் `Recordings` என்பதைத் திறந்தால் பதிவுகள் வரிசையாக இருக்கும். வேண்டிய பதிவின் அருகில் `Share`. அதை அழுத்தியதும் வரும் பெட்டியில்தான் எல்லாம் இருக்கிறது: யார் பார்க்கலாம், லிங்க் எப்போது காலாவதியாகும், தரவிறக்கலாமா, பாஸ்கோடு என்ன. பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம், வேலை ஒன்றுதான்.

`Passcode protection` என்பதை இயக்கினால் ஜூமே ஒரு பாஸ்கோடு தரும். குறியீடுகள் கலந்த, வாயில் நுழையாத ஒன்றாக அது இருக்கும். யாரும் ஊகிக்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால் மாணவர்களிடம் போனதும் "மிஸ், தப்புனு வருது" என்ற புகார் வரிசையாக வரும். காரணம் பெரும்பாலும் சின்னது. ஆங்கில எழுத்து O எது, பூஜ்யம் எது என்று தெரியாது. சிறிய l, எண் 1 இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இன்னொரு காரணம் வாட்ஸ்அப். அங்கே இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வரும் எழுத்துகள் தடித்துத் தெரியும், நட்சத்திரங்கள் மறைந்துவிடும். அடிக்கோட்டுக் குறிக்கும் இதே கதிதான். எனவே `*Rm7q4Kd*` என்று அனுப்பினால், பார்த்துத் தட்டச்சு செய்யும் மாணவரின் கண்ணுக்கு நட்சத்திரங்கள் படவே படாது. பாஸ்கோடை நாமே மாற்றிவைப்பது நல்லது. குழப்பும் எழுத்துகளைத் தவிர்த்து, குறியீடு கட்டாயம் என்றால் `#` அல்லது `!` மட்டும் வைத்து எட்டு எழுத்துக்குக் குறையாமல் அமைத்தால் புகார் நின்றுவிடும்.

ஒவ்வொரு பதிவுக்கும் வேறு பாஸ்கோடு வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வருடம் முழுக்க ஒரே பாஸ்கோடு என்றால், ஜூனில் சேர்ந்து ஆகஸ்டில் நின்றுவிட்ட மாணவரிடம் பிப்ரவரி வகுப்புக்கான சாவியும் இருக்கிறது. பாடத்தின் பெயரோடு 123 சேர்த்து வைப்பதும் வேண்டாம். முதல் மூன்று முயற்சிகளிலேயே பிடித்துவிடுவார்கள்.

அடுத்து `Add expiry date to the link`. தேர்வு 14ஆம் தேதி என்றால் நம் ஆசிரியை காலாவதியை 16 என்று வைக்கலாம். சரியாக 14 என்று வைக்காதீர்கள். அந்த நாள் எந்த நேரத்தில் முடிகிறது என்பது நேர மண்டலத்தைப் பொறுத்தது. வகுப்பில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு பிள்ளை படித்தால் சிக்கல் வரும். ஒரு நாள், இரண்டு நாள் கூடுதலாக வைத்துவிட்டு, மாணவர்களிடம் "14ஆம் தேதி வரை" என்று சொன்னால் போதும்.

காலாவதி தேதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. லிங்க் காலாவதியானால் பதிவும் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது. பார்வையாளருக்குக் கதவு மூடுகிறது, அவ்வளவுதான். பதிவு ஆசிரியரின் கணக்கில் அப்படியே இருக்கும், கிளவுடு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். தேவைப்பட்டால் அடுத்த வருட மாணவருக்கு மறுபடி பகிரலாம். அழிய வேண்டும் என்றால் தனியாக நீக்க வேண்டும். நீக்கிய பதிவும் 30 நாள் ட்ராஷில் இருக்கும், அதற்குள் மீட்கலாம்.

காலாவதி தேதிக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் `Viewers can download` என்பது அணைந்திருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் தரவிறக்கிவிட்டால் அந்தக் கோப்புக்குப் பாஸ்கோடும் கிடையாது, காலாவதியும் கிடையாது. அன்றிரவே அது டெலிகிராம் குழுவில் ஏறலாம், நம் கணக்கில் எந்த அமைப்பை மாற்றினாலும் அதைத் தொட முடியாது. நெட் குறைவாகக் கிடைக்கும் மாணவர் உண்மையாகவே தரவிறக்கம் கேட்பார். அவருக்காக எல்லோருக்கும் திறப்பதைவிட, அவருக்கு மட்டும் பாடக் குறிப்பையோ ஒலிப்பதிவையோ தருவது மேல்.

இவ்வளவு செய்தும் ஒரு வரம்பு இருக்கிறது. பாஸ்கோடு அந்நியரைத்தான் நிறுத்தும். நண்பருக்கு வேண்டுமென்றே பாஸ்கோடைச் சொல்லும் மாணவரை நிறுத்தாது. அதற்கு `On-demand (Registration Required)` என்ற தெரிவு இருக்கிறது. பார்ப்பவர் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும், யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் ஆசிரியருக்குக் கிடைக்கும். பொய்ப் பெயர் கொடுக்கலாம்தான். ஆனால் 28 பேர் வகுப்பில் தெரியாத பெயர் ஒன்று கண்ணில் பட்டுவிடும். பள்ளி, கல்லூரி எல்லோருக்கும் ஒரே நிறுவனக் கணக்கு கொடுத்திருந்தால் `Only authenticated users can view` இன்னும் உறுதியானது. பாஸ்கோடை எத்தனை பேரிடம் சொன்னாலும் அந்த நிறுவனக் கணக்கு இல்லாதவருக்குப் பதிவு திறக்காது. திரையை இன்னொரு போனால் படம் பிடிப்பதை மட்டும் எந்த அமைப்பாலும் தடுக்க முடியாது.

லிங்க் கசிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவின் பக்கத்தில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண்ணிக்கை தெரியும். ஒரே மாணவர் நாலு முறை பார்ப்பது சகஜம், 60, 70 என்று வந்தாலும் பதற வேண்டாம். தேர்வு முடிந்த மறுநாளும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது உடனே பாஸ்கோடை மாற்றுங்கள். அல்லது பகிர்வையே அணைத்துவிடுங்கள்.

இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. பதிவு கணினியில் கோப்பாகத்தான் கிடைக்கும், அதை எங்கே ஏற்றுகிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. 2020 ஏப்ரலில், ஆயிரக்கணக்கான ஜூம் காணொளிகள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடப்பதாக வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டது. சின்னப் பிள்ளைகளின் முகமும் தனிப்பட்ட விவரங்களும் தெரியும் பள்ளி வகுப்புகளும் அவற்றில் இருந்தன. ஜூமின் கிளவுடை யாரும் உடைக்கவில்லை. கணினியில் சேமித்த பதிவுகளைப் பயனர்கள் பாஸ்வேர்டு இல்லாத வேறு இடங்களில் ஏற்றியிருந்தார்கள். ஜூம் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே பாணியில் பெயர் வைத்ததால், தேடினால் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. நம் ஊரில் வழக்கமான யூடியூப் "அன்லிஸ்டட்" முறையும் இப்படிப்பட்டதுதான். லிங்க் கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம், பாஸ்கோடும் காலாவதியும் கிடையாது. கூகுள் டிரைவில் ஏற்றினால் பாஸ்கோடு வைக்க முடியாது. ஆனால் `Restricted` என்று வைத்து 28 பேரின் ஜிமெயிலையும் சேர்த்தால் அந்த 28 கணக்குகளுக்கு மட்டும்தான் திறக்கும். ஒருமுறை உட்கார்ந்து சேர்ப்பது அலுப்பான வேலை. ஆனாலும் இலவசமாகக் கிடைப்பதில் இதுதான் ஆகச் சிறந்தது.

பதிவில் இருப்பது பாடம் மட்டுமல்ல. கேமரா போட்ட பிள்ளைகளின் முகம், பின்னால் தெரியும் வீடு, சாட்டில் யாரோ எழுதிய போன் எண் எல்லாமே அதில் இருக்கின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்று வகுத்து, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. புதிய லிங்க் அனுப்புவது இருக்கட்டும். இன்று இரவு அரை மணி நேரம் ஒதுக்கி உங்கள் `Recordings` பட்டியலைத் திறந்து, போன வருடப் பதிவுகளில் இன்னும் பகிர்வில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அணைத்துவிடுங்கள்.