எழுத்தும் கணினியும் – 14: காட்டாக, ‘காட்டாக’

‘கி’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் மாலைமாற்றுப் பாடலைக் கணினியில் ஏற்றிச் சோதிப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னோட்டமாகத் தனிச்சொற்களைத் தேடும் நிரலை எழுத உட்கார்ந்தால், ஒரு சொல் வழியை மறித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது.

விகடகவியிலிருந்தே தொடங்குவோம். தெனாலிராமனுக்குக் காளி கொடுத்த பட்டம் என்று கதை. தெலுங்கில் எழுதினாலும் இருபக்கமும் ஒன்றாகவே படிக்கலாம். வி, க, ட, க, வி என்று ஐந்தே எழுத்து. ஆனால் கணினியின் நினைவில் வ, ி, க, ட, க, வ, ி என ஏழு குறியீடுகள். அவற்றைத் தலைகீழாக்கினால் இகரக் கொக்கி முதலில் வந்து, ஒட்ட ஆளில்லாமல் புள்ளி வட்டத்தோடு நிற்கும். கடைசி வகரத்தில் ஒட்ட வேண்டிய கொக்கியோ பக்கத்து ககரத்தில் ஏறி அதைக் ‘கி’ ஆக்கிவிடும். ஆகவே விகடகவி இருவழிச் சொல் இல்லை என்று கணினி தீர்ப்புச் சொல்லும். தாத்தா, பாப்பா, காக்கா, திகதி, குடகு எல்லாவற்றுக்கும் இதே கதி.

மருந்து எளிது. உயிர்க்குறியும் புள்ளியும் தனியே நிற்காமல் முன்னால் உள்ள எழுத்தோடு சேர வேண்டும். சேர்த்த பிறகே திருப்ப வேண்டும். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import unicodedata as u

def letters(w):
    out = []
    for c in u.normalize("NFC", w):
        if out and u.category(c)[0] == "M":
            out[-1] += c
        else:
            out.append(c)
    return out

def same(w):
    e = letters(w)
    return len(e) > 2 and e == e[::-1]
```

மூன்றெழுத்துக்குக் குறைந்தவற்றை ஒதுக்கியிருக்கிறேன். இல்லாவிட்டால் ‘ஈ’யும் ‘தீ’யும் ‘மாமா’வும் பட்டியலை நிரப்பிவிடும்.

இனி வழிமறித்த சொல்லுக்கு வருகிறேன். குறியீட்டு முறை நல்ல சொற்களைத் தவறவிடும் என்பது எதிர்பார்த்ததே. அது எதையாவது ‘ஆம்’ என்கிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்தபோது கிடைத்தது ‘காட்டாக’. உரைநடையில் ‘உதாரணமாக’ என்பதற்குப் போடுகிறோமே, அதேதான். க, ா, ட, ், ட, ா, க. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்றே! எழுத்தாகப் பார்த்தால் கா, ட், டா, க, திருப்பினால் ‘கடாட்கா’. இருவழிச் சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

காரணம் கடைசி ககரத்தில் ஒளிந்திருக்கிறது. அதனுள் உள்ள அகரத்துக்கு யூனிகோடில் தனிக்குறியீடு கிடையாது. எதுவும் ஒட்டாவிட்டால் அகரம் என்று வைத்துக்கொள்வதே ஏற்பாடு. அதனால் தொடக்கத்துக் ‘கா’வின் முதல் பாதியும் கடைசி ‘க’ முழுதும் கணினிக்கு ஒரே ஆளாகத் தெரிகின்றன. இந்தத் துப்புக் கிடைத்ததும் ஒரு கூட்டமே பிடிபட்டது: காடாக, காலாக, காயாக, காதாக, காப்பாக, காற்றாக. ‘கா’வில் தொடங்கும் சின்னப் பெயர்ச்சொல்லோடு ‘ஆக’ சேர்ந்தால் போதும், நடுவில் ஒரே மெய்யோ அதன் இரட்டிப்போ இருக்கும்வரை. நாள் முழுக்க இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்ததில் வீட்டில் சோறு ஆறிப்போனது.

இதைவிட ருசியான விஷயம் ஒன்றுண்டு. ஒரு சொல்லில் ஒரேயொரு துணைக்குறியோ புள்ளியோ இருந்தாலும், இரண்டு சோதனைகளும் சேர்ந்து ‘ஆம்’ சொல்லவே முடியாது. எழுத்துக்கணக்கில் சொல் சரியாக இருந்தால், ‘வி’க்கு எதிரிடத்தில் இன்னொரு ‘வி’ இருக்கும். குறியீடாகத் திருப்பினால் வகரத்தின் இடத்தில் கொக்கி வந்து விழும். வகரமும் கொக்கியும் ஒன்றாகாதே! இரண்டும் ஒத்துப்போவது ‘கனக’, ‘கடக’ போல அகரமேறிய எழுத்துகளாலும் தனி உயிராலும் மட்டுமே ஆன சொற்களில்தான். மற்ற எந்தச் சொல்லுக்குக் குறியீட்டு முறை ‘ஆம்’ என்றாலும் அது நிச்சயமாகத் தவறு.

நிரலில் `normalize` எதற்கு என்று கேட்பீர்கள். ‘மோரு தருமோ’ என்று ஒரு தொடரை எடுங்கள். இடைவெளியை நீக்கினால் மோ, ரு, த, ரு, மோ. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முதல் ‘மோ’ ஒருவிதமாகவும் கடைசி ‘மோ’ வேறுவிதமாகவும் தட்டச்சாகியிருந்தால், எழுத்தாகப் பிரித்த பிறகும் ஒப்பீடு தோற்கும். கண்ணுக்குச் சரியாக இருக்கும் சொல் பட்டியலில் வரவில்லையென்றால், `len(w)` போட்டுக் குறியீடுகளை எண்ணிப் பாருங்கள். இந்தத் தொடர் இடைவெளி நீங்கலாக ஒன்பதுக்குப் பதில் பத்து என்று வந்தால் கொம்பு பிரிந்திருக்கிறது என்று பொருள். `normalize` பிரிந்ததை ஒன்றாக்கிவிடும். ‘ஔ’வை ஒகரமும் ளகரமுமாக அடித்திருந்தால் மட்டும் அதனாலும் ஆகாது, அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

சம்பந்தரின் திருமாலைமாற்று, மூன்றாம் திருமுறையில் 117ஆம் பதிகம், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதில் சீர் பிரிக்கும் இடைவெளிகளை என்ன செய்வது என்ற தகராறும் காத்திருக்கிறது.