மூன்று பேர்தான், இடம் இல்லை

சம்பளத் தேதிக்கு முந்தின நாள். மளிகைக் கடையில் கூட்டம் சேர, மூன்றாவது கவுண்டரையும் திறக்கச் சொன்னார் முதலாளி. அங்கே உட்கார்ந்த பெண் பாஸ்வேர்டு அடித்ததும், பயனர் வரம்பு முடிந்துவிட்டதென்று பில்லிங் மென்பொருள் கையை விரித்தது.

"மூணு பேருக்கு லைசென்ஸ் இருக்கே, மூணு பேருதானம்மா இருக்கோம்?"

இத்தகைய லைசென்ஸ்களில் பல ஆட்களை எண்ணுவதில்லை. ஒரே நேரத்தில் திறந்திருக்கும் லாகின்களைத்தான் எண்ணும்.

"அண்ணே, குடோன் கம்ப்யூட்டர்ல யாரு?"

"யாருமில்ல. காலையிலயே கரண்ட் போய் அணைஞ்சிடுச்சு."

விஷயம் அதுதான். லாகவுட் ஆகாமல் அணைந்த கணினிக்கான இடத்தைச் சர்வர் இன்னும் பிடித்துவைத்திருந்தது. முதலாளியின் லாகினில் பயனர் பட்டியலைத் திறந்தார்கள். குடோன் பெயருக்கு எதிரே கடைசி வேலை 9.40 என்றிருந்தது, அப்போது மணி பன்னிரண்டு. லாகினைத் துண்டித்தால் சேமிக்காத பதிவு போய்விடலாம் என்பதால், குடோன் பையனிடம் முதலில் கேட்டுக்கொண்டார்கள்.

நடுவில், "என் லாகின்லயே போடேன்" என்றார் பக்கத்துக் கவுண்டர்காரர். அவள் மறுத்தது சரி. இரவு கல்லாவில் பணம் குறைந்தால், யார் போட்ட பில் என்று கண்டுபிடிக்க முடியாது. அதுவரை கை பில் புத்தகத்தில் எழுதினாள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் வரிசையாக வர வேண்டும், ஒரே நிதியாண்டில் திரும்ப வரக்கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்தப் புத்தகத்துக்குத் தனி முன்னெழுத்து இருந்தது. கடை மூடுமுன் அந்தப் பில்களை அதே எண்களோடு கணினியில் ஏற்றினாள்.