இரவுப் பேருந்தின் அறிவிப்பு உரை

நெடுந்தூரப் பேருந்தின் அறிவிப்பு உரையைப் புறப்படும்போதே மொத்தமாகப் படித்து முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்த நேரத்தில் ஒருவர் பையை மேல்தட்டில் திணித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வீட்டுக்குக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். நள்ளிரவில் பேருந்து எங்கே நிற்கும் என்பதை அப்போது சொன்னால் யார் மனதிலும் தங்காது. கேட்டவுடன் செய்யக்கூடியதை மட்டும் அந்தந்த வேளையில் சொல்வதுதான் நல்ல உரைக்கு அடிப்படை. கிளாம்பாக்கத்திலிருந்து இரவு ஒன்பதரைக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் ஓடி, விடியும் வேளையில் மதுரை மாட்டுத்தாவணி சேரும் ஒரு பேருந்தை எடுத்துக்கொண்டால், அதற்கான உரை ஐந்து சிறு துண்டுகளாகப் பிரியும்.

முதல் துண்டு வண்டி நகர்வதற்குச் சற்று முன்பு வர வேண்டும். ஏறியவர் சரியான வண்டியில்தான் இருக்கிறாரா என்பதை உறுதிசெய்வது இதன் முதல் வேலை. தவறான வண்டியில் ஏறியவர் இறங்குவதற்கு அப்போதுதான் வாய்ப்பு உண்டு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வணக்கம். இது மதுரை மாட்டுத்தாவணி செல்லும் பேருந்து. திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாகச் செல்கிறது. அரப்பாளையம் செல்லாது. வேறு ஊருக்குப் போக வேண்டியவர்கள் இப்போதே நடத்துநரிடம் சொல்லுங்கள். இன்னும் சில நிமிடங்களில் புறப்படுகிறோம்."

ரயில் நிலையங்களில் கேட்டுப் பழகிய அந்தத் தொடக்கத் தொடருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒலிபெருக்கி பேசத் தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று சொற்கள் காதில் விழுவதில்லை. பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்ப மனிதருக்கு ஒரு நொடி வேண்டும். இழந்தாலும் பரவாயில்லாத சொற்கள் அந்த நொடியை நிரப்புகின்றன. அரப்பாளையம் செல்லாது என்று எடுத்துச் சொல்வதும் தேவையோடுதான். மதுரையில் பெரிய பேருந்து நிலையங்கள் இரண்டு. தேனி, திண்டுக்கல் பக்கம் போகிறவர்களுக்கு அரப்பாளையம்தான் வசதி. அதை மேலூர் தாண்டிய பிறகு தெரிந்துகொள்வதால் பயனில்லை.

இரண்டாம் துண்டு வண்டி சீராக ஓடத் தொடங்கிய பின் வருவது. பாதுகாப்புக்கு உரிய இடம் இதுதான். எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், விளக்கு எரியும், யாரும் இன்னும் தூங்கியிருக்க மாட்டார்கள். 2013 அக்டோபர் 30 அதிகாலையில், பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற சொகுசுப் பேருந்து ஒன்று, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் பாலெம் என்ற ஊருக்கருகே பாலத்துச் சுவரில் மோதித் தீப்பற்றியது. 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்த வேளை அது. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுபவர், புகையில், இருட்டில், வழியைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே ஒருமுறை கண்ணால் பார்த்த வழிதான் அப்போது நினைவுக்கு வரும். ஆகவே அறிவிப்பு பயணியைத் தலையைத் திருப்பிப் பார்க்க வைக்க வேண்டும்.

"உங்கள் பாதுகாப்புக்காக ஒரு நிமிடம். முன்வாசல் இடப்புறம் இருக்கிறது. அவசர வழி வலப்புறம், பின்பகுதியில் இருக்கிறது. இப்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சன்னலோரம் சிவப்புச் சுத்தியல் இருக்கிறது. ஆபத்து என்றால் அதைக் கொண்டு கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். பைகளை மேல்தட்டிலோ இருக்கைக்கு அடியிலோ வையுங்கள். நடைபாதையில் பை கிடந்தால், இருட்டில் இறங்கி வருபவர் தடுக்கி விழுவார்."

அவசர வழி இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். அந்த வரியை அந்தந்த வண்டியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரே பதிவை எல்லா வண்டியிலும் ஒலிக்கவிடுவது ஆபத்து. சுத்தியல் உண்மையிலேயே அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அந்த வரியைப் படிக்க வேண்டும். மூலை என்று குறிப்பிட்டுச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பக்கச் சன்னல்களில் இருப்பது கடினமாக்கிய கண்ணாடி. நடுவில் அடித்தால் அது வளைந்து கொடுத்து அடியைத் தாங்கும். ஓரத்தில் வளைய இடமில்லாததால் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். முன்கண்ணாடி வேறு வகை. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மென்படலம் ஒட்டியிருப்பதால் விரிசல் விடுமே தவிர எளிதில் விழாது. அதை உடைக்க முயல்பவர் நேரத்தை இழப்பார்.

இதே துண்டின் கடைசியில் மற்றவரோடு இணக்கமாகப் பயணம் செய்வது பற்றி இரண்டு மூன்று வரிகள் போதும். கேட்பவர்கள் இன்னும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை எழுதுபவர் மறக்கக் கூடாது. "சத்தமாகப் பாட்டுக் கேட்கக் கூடாது" என்பது குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். "பத்தரை மணிக்கு விளக்கை அணைப்போம். கைப்பேசியில் பாட்டோ படமோ என்றால் காதுக்கருவி போட்டுக் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவர் தூங்கட்டும். இருக்கையைச் சாய்க்கும் முன் பின்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றால் அதே செய்தி கசப்பில்லாமல் போய்ச் சேரும். காரணத்தோடு வரும் வேண்டுகோளை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அறிவிப்பின் இனிமைக்குக் குரலின் குழைவைவிட இதுவே பெரிய காரணம்.

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது உரையை எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. நீண்ட வாக்கியத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல் வரை தெரியாது. அந்தக் கடைசிச் சொல் இயந்திர இரைச்சலில் அமுங்கினால், "வைக்காதீர்கள்" என்பதும் "வையுங்கள்" என்பதும் ஒன்றாகிவிடும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொண்டு, எங்கே வைக்கக் கூடாது என்பதைவிட எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வது நல்லது. நேரத்தை "பன்னிரண்டே கால்" என்று வீட்டில் பேசுவது போலச் சொல்லி, இரண்டு முறை சொல்ல வேண்டும். இருபது, அறுபது, எழுபது மூன்றுக்கும் முடிவு ஒரேபோல ஒலிப்பதால் எண்களை நிதானமாக உச்சரிக்க வேண்டும். ஒலிவாங்கியை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்தால் பகரம் வரும் இடங்களில் காற்று மோதும் ஓசை குறையும்.

மூன்றாம் துண்டு இளைப்பாறும் இடத்துக்கானது. விக்கிரவாண்டிப் பக்கத்துச் சாலையோர உணவகங்களில் நள்ளிரவில் ஒரே நிறத்தில் வரிசையாகப் பேருந்துகள் நிற்கும். அரைத்தூக்கத்தில் இறங்கியவர் திரும்பி வந்து பக்கத்து வண்டியில் ஏறுவதும், கழிப்பறையில் இருக்கும்போதே வண்டி போய்விடுவதும் நடப்பவைதான். "பத்து நிமிடம் நிற்கும்" என்ற அறிவிப்பு இங்கே பாதிப் பயனே தரும். அந்தப் பத்து நிமிடம் எப்போது தொடங்கியது என்பது கடைசியில் இறங்கியவருக்குத் தெரியாது. புறப்படும் மணியைச் சொல்வதே சரி.

"வண்டி இப்போது இருபது நிமிடம் நிற்கிறது. பன்னிரண்டே கால் மணிக்குப் புறப்படும். பன்னிரண்டே கால். நம் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை முன்னால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணமும் கைப்பேசியும் உங்கள் கையோடு இருக்கட்டும். இறங்கியதும் வண்டிகள் வரும் பக்கம் பார்த்து நடங்கள்."

புறப்படும் முன் நடத்துநர் தலைகளை எண்ணுவதோடு, "பக்கத்து இருக்கைக்காரர் வந்துவிட்டாரா?" என்று ஒருமுறை கேட்பது நல்லது. எண்ணிக்கை தவறலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தவறாது.

அதன்பின் ஒலிபெருக்கி மௌனமாக இருக்க வேண்டும். இரண்டு பேர் இறங்குவதற்காக நாற்பது பேரை எழுப்புவது நியாயமில்லை. ரயிலில் 139 என்ற எண்ணில் பதிவு செய்தால் இறங்கும் ஊர் நெருங்கும்போது அழைத்து எழுப்பும் வசதி இருக்கிறது. பேருந்தில் அந்த வேலை நடத்துநருடையது. இறங்கும் ஊரையும் இருக்கை எண்ணையும் குறித்த சீட்டைப் பார்த்து, பதினைந்து நிமிடம் முன்னதாக அருகில் சென்று தாழ்ந்த குரலில் எழுப்புவதுதான் நான்காம் துண்டு. "சார், திருச்சி வரப்போகிறது. வண்டி பஞ்சப்பூரில் நிற்கும். மேலே வைத்த பையை எடுத்துக்கொள்ளுங்கள்." திருச்சி என்று மட்டும் சொன்னால் போதாது. சத்திரம், மத்தியப் பேருந்து நிலையம், பஞ்சப்பூர் என்று ஊருக்குள் இறங்கும் இடங்கள் பல. அழைத்துப்போக வந்தவர் ஓரிடத்திலும் இறங்கியவர் வேறிடத்திலும் அதிகாலை மூன்று மணிக்கு நிற்க நேரும். நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்குபவருக்கு இன்னொரு வரியும் உண்டு: "வண்டி போன பிறகு சாலையைக் கடங்கள்." நிற்கும் பேருந்தின் முன்பக்கமாகக் கடப்பவரைப் பின்னால் வேகமாக வரும் ஓட்டுநரால் பார்க்க முடியாது.

ஐந்தாம் துண்டு, படிக்க நேராமல் போனாலே நல்லது என்ற வகை. ஆனாலும் அச்சிட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் யாருக்கும் வாக்கியம் அமையாது. தீ என்றால் வணக்கமும் கனிவும் வேண்டாம். "வண்டி நின்றுவிட்டது. எழுந்திருங்கள். பையை விடுங்கள். முன்வாசல் வழியாக இறங்குங்கள். தூரமாகப் போங்கள்." வாசல் அடைபட்டிருந்தால் மூன்றாவது வரிக்குப் பிறகு அவசர வழியின் பெயர் வரும். வெறும் பழுது என்றால் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. காற்று வாங்க இறங்கியவர்கள் பேருந்தின் பின்னால் கூடி நிற்பார்கள். இருட்டில் வரும் லாரி மோதுவது அங்கேதான். "சாலையை விட்டு இடப்புறம் தள்ளி நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம்" என்று அமைதியான குரலில் இரண்டு முறை சொல்லிவிட்டு, பழுதுக்கான காரணத்தையும் மாற்று வண்டி வரும் நேரத்தையும் உள்ளபடி சொல்ல வேண்டும். நேரம் தெரியாவிட்டால், அடுத்த செய்தி எத்தனை மணிக்குச் சொல்லப்படும் என்பதையாவது சொல்லலாம். காயம்பட்டவர் இருந்தால் 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்களும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மேலூர் தாண்டியதும் விளக்கைப் போட்டு, ஒத்தக்கடை வருவதற்குள் கடைசி அறிவிப்பைச் சொல்லிவிடலாம்: "காலை வணக்கம். இன்னும் சிறிது நேரத்தில் மாட்டுத்தாவணி. இருக்கைக்கு அடியிலும் மேல்தட்டிலும் ஒருமுறை பாருங்கள். டிக்கியில் பெட்டி வைத்தவர்கள் வண்டி நின்றதும் இடப்புறம் வாருங்கள். பெரியவர்களும் குழந்தையோடு வருபவர்களும் முதலில் இறங்கட்டும். அரப்பாளையம் போக வேண்டியவர்களுக்கு நிலையத்திலிருந்தே நகரப் பேருந்து உண்டு."