நூறு சதவீதத்துக்குள் வராத 688 பேர்

ஓர் அட்டவணையில் உள்ள வகைகளைச் சதவீதமாக்கும்போது மென்பொருள் இரண்டு வேலைகள் செய்கிறது. ஒவ்வொரு வகையும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுகிறது. பிறகு அந்த எண்ணிக்கையை ஒரு மொத்தத்தால் வகுக்கிறது. அந்த மொத்தம் அட்டவணையில் உள்ள வரிசைகளின் முழு எண்ணிக்கை என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பைத்தான் மொழியில் தரவுகளைக் கையாளப் பரவலாகப் பயன்படும் பாண்டாஸ் நூலகத்தில் அப்படி இல்லை. அதன் `value_counts`, வெறுமையாக உள்ள கட்டங்களை விட்டுவிட்டு, நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையால் மட்டுமே வகுக்கிறது.

பயிற்சிக்காகப் பலரும் எடுத்தாளும் டைட்டானிக் பயணிகள் அட்டவணையில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். சீபார்ன் நூலகத்தோடு கிடைக்கும் இந்த அட்டவணையில் 891 பயணிகளின் விவரங்கள் உள்ளன. ஒருவரின் அறை கப்பலின் எந்தத் தளத்தில் இருந்தது என்பதை `deck` என்ற நெடுவரிசை A முதல் G வரையிலான எழுத்துகளால் குறிக்கிறது.

```python
import seaborn as sns
d = sns.load_dataset("titanic")
d["deck"].value_counts(normalize=True)
d["deck"].value_counts(normalize=True, dropna=False)
```

மூன்றாம் வரி, C தளத்துக்கு ஏறத்தாழ 29 சதவீதம் என்று விடை தருகிறது. நான்காம் வரியில் அதே C தளம் 6.6 சதவீதமாகச் சுருங்குகிறது. இரண்டிலும் C தளத்தில் இருந்தவர்கள் 59 பேர்தான். மாறியது வகுக்கும் எண். தளம் தெரிந்தவர்கள் 203 பேர் மட்டுமே; மற்ற 688 பேரின் கட்டம் வெறுமை. முதல் கணக்கு 59-ஐ 203-ஆல் வகுத்தது, இரண்டாவது 891-ஆல் வகுத்தது. `dropna=False` என்று சொன்னால்தான் வெறுமையும் ஒரு வகையாகப் பட்டியலில் ஏறும். அதன் பங்கு 77 சதவீதம்.

இந்தக் குறை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், முதல் கணக்கிலும் பங்குகளின் கூட்டல் சரியாக நூறு வருவதுதான். எச்சரிக்கையும் தோன்றுவதில்லை. சதவீதம் போடுமுன் `d["deck"].count()` தரும் 203-ஐயும் `len(d)` தரும் 891-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். இடைவெளி ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வேறுபடும். பயணிகள் ஏறிய துறைமுகத்தைச் சொல்லும் நெடுவரிசையில் இரண்டே கட்டங்கள்தான் வெறுமை. ஆகவே சவுத்தாம்ப்டனில் ஏறிய 644 பேரின் பங்கு எப்படிக் கணக்கிட்டாலும் 72 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

சிறிய மொத்தத்தில் கணக்கிடுவது எப்போதும் பிழையாகாது. விடுபட்டவர்களும் விவரம் தெரிந்தவர்களைப் போலவே பரவியிருந்தால், தெரிந்தவர்களின் பங்கே முழுக் கூட்டத்துக்கும் நல்ல மதிப்பீடு. டைட்டானிக் தளங்களில் நிலைமை அப்படி இல்லை. பயணிகளின் அறை எண்களில் பெரும்பகுதி, கப்பலின் பணியாளர் ஹெர்பர்ட் கேவின் உடலோடு மீட்கப்பட்ட ஒரு பட்டியலிலிருந்து கிடைத்தது. அது முதல் வகுப்புப் பயணிகளுக்கான பட்டியல். அட்டவணையில் உள்ள முதல் வகுப்பினர் 216 பேரில் 175 பேரின் தளம் தெரியும். மூன்றாம் வகுப்பினர் 491 பேரில் 12 பேருக்குத்தான் தெரியும். மொத்தப் பயணிகளில் நான்கில் ஒரு பங்காக இருக்கும் முதல் வகுப்பினர், தளம் தெரிந்த 203 பேரில் 86 சதவீதம் ஆகிவிடுகிறார்கள். எனவே 29 சதவீதம் என்பது பெரும்பாலும் முதல் வகுப்பின் கதை. 6.6 சதவீதமும் உண்மைப் பங்கு அல்ல. விடுபட்டவர்களில் ஒருவர்கூட C தளத்தில் இல்லை என்று வைத்தால் கிடைக்கும் குறைந்த அளவு அது. எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள் என்றால் 84 சதவீதம் வரை போகும். இடைவெளி இவ்வளவு அகன்றிருக்கும்போது, முழுக் கூட்டத்தின் பங்கைச் சொல்ல இந்தத் தரவு போதாது என்பதே நேர்மையான முடிவு. "தளம் தெரிந்த 203 பேரில் 29 சதவீதம்" என்று எழுதினால் தவறில்லை. "பயணிகளில் 29 சதவீதம்" என்று எழுதினால் தவறு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. விவரம் கிடைக்காத இடத்தில் சிலர் கட்டத்தை வெறுமையாக விடாமல் "தெரியாது" என்றோ, ஒரு சிறு கோடோ, எழுத்தே இல்லாத வெற்றுச் சரமோ இட்டு வைப்பார்கள். அவை பாண்டாஸுக்கு வெறுமை அல்ல. தனி வகைகளாக எண்ணப்பட்டு மொத்தத்திலும் சேர்ந்துவிடும். ஒரே கேள்வியைக் கேட்ட இரண்டு கோப்புகளில் ஒன்று வெறுமையாகவும் மற்றொன்று கோடாகவும் பதிவாகியிருந்தால், இரண்டின் சதவீதங்களும் வெவ்வேறு மொத்தங்களில் நிற்கும். இத்தகைய குறிகளை முதலில் வெறுமையாக மாற்றி, இரு கோப்புகளிலும் ஒரே மொத்தத்தைத் தேர்ந்து, அந்த எண்ணைச் சதவீதத்தின் அருகிலேயே எழுதிய பிறகுதான் இரண்டையும் ஒப்பிட முடியும்.