‘நாம்’ யார்? ‘நீங்கள்’ எத்தனை பேர்?

‘நீங்கள் எழுதினீர்களா?’ என்ற கேள்வியை அரபியில் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லிலேயே நின்றுவிடுவீர்கள். கேட்கப்படுபவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, இருவரா, பலரா என்று தெரியாமல் அங்கே வாய் திறக்க முடியாது.

எழுத்து அரபியில் ஆண் ஒருவர் என்றால் ‘அன்த’, பெண் ஒருவர் என்றால் ‘அன்தி’. இருவருக்கு ‘அன்துமா’, இதில் மட்டும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. மூவர் முதல் ஆண்களுக்கு ‘அன்தும்’, பெண்களுக்கு ‘அன்துன்ன’. பெண்கள் கூட்டத்தில் ஒரே ஓர் ஆண் இருந்தாலும் ‘அன்தும்’தான். வினையும் கூடவே மாறும்: கதப்த, கதப்தி, கதப்துமா, கதப்தும், கதப்துன்ன. நம் ‘எழுதினீர்கள்’ ஒன்றுக்கு அங்கே ஐந்து வடிவங்கள். தமிழில் படர்க்கையில் மட்டும் பிரியும் பால், அரபியில் முன்னிலையிலேயே பிரிந்துவிடுகிறது. ‘நான்’ என்பதற்கான ‘அனா’ மட்டும் நம்மைப் போலவே இருபாலுக்கும் பொது.

இப்போது எதிர்த்திசையில் வருவோம். அரபியில் ‘நஹ்னு’ என்று வந்தால் தமிழர் தடுமாற வேண்டும். கேட்பவரையும் சேர்த்தா, விட்டுவிட்டா? நாம் என்றால் கேட்பவரும் உண்டு. நாங்கள் என்றால் அவர் இல்லை. அரபி இதைப் பிரிப்பதே இல்லை.

குர்ஆனைத் தமிழாக்கியவர்கள் இரண்டு சிக்கல்களையும் சந்தித்தார்கள். முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் அடியார்கள் இறைவனிடம் நேர்வழி கேட்கிறார்கள். அங்கே ‘எங்களுக்கு’ என்றுதான் எழுத முடியும். ‘நமக்கு’ என்றால், வழி தேவைப்படுவோரில் கேட்கும் இறைவனும் சேர்ந்துவிடுவான். 55ஆம் அத்தியாயமான அர்-ரஹ்மானில் 31 முறை திரும்ப வரும் கேள்வி இருமையில் அமைந்தது. மனிதர், ஜின் என்ற இரு சாராரை நோக்கியது. தமிழில் இருமை இல்லாததால் ‘இரு சாராரும்’ என்று தனியே ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பேச்சு அரபியில் ‘அன்துமா’ வழக்கொழிந்துவிட்டது. இருவரையும் பலரைப் போலவே அழைக்கிறார்கள். இருமை பெயர்ச்சொற்களில் மட்டும், ‘இரண்டு நாள்’ போன்றவற்றில், தங்கியிருக்கிறது. தமிழிலும் இதற்கு இணையான இழப்பு உண்டு. ‘அம், ஆம்’ விகுதிகள் முன்னிலையாரையும் ‘எம், ஏம், ஓம்’ விகுதிகள் படர்க்கையாரையும் தன்னோடு சேர்க்கும் என்று நன்னூல் பிரிக்கிறது. அன்று வினையே சொன்ன செய்தி அது. இன்று எல்லாம் ‘ஓம்’ ஆகிவிட்டது; வேறுபாட்டை நாம், நாங்கள் என்ற பெயர்கள் மட்டுமே தாங்குகின்றன.

அதனால்தான், பெயரை விட்டுவிட்டு ‘நாளைக்கு ஊருக்குப் போறோம்’ என்று அப்பா சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தை ‘நானுமா?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.