மூன்று பேர் எழுத, ஒரே கடை பேச

திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும் விசைத்தறி ஊர்கள். அங்கே நெய்த சேலையை வெளியூர்க்காரர்களுக்கு நேரடியாக விற்கும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்காகக் கடை கட்டுரைகள் வெளியிடுகிறது. எழுதுபவர்கள் மூவர். மூவருமே வெளியாட்கள், கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம்.

மூவரிடமும் ஒரே தகவலைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர், “முதல் சலவையின்போது வண்ணம் சற்று வெளியேற வாய்ப்புள்ளது” என்பார். இன்னொருவர், “ஃபர்ஸ்ட் வாஷ்ல கலர் போகும், கவலையே படாதீங்க!” என்பார். மூன்றாமவர், “தாய்மார்களே, புத்தாடையைத் தனித்து அலசுவீர்” என்று மேடையேறுவார். தகவலில் தவறில்லை. வாசிப்பவருக்குத்தான் மூன்று கடைக்காரர்கள் மாறிமாறிப் பேசுவதுபோல இருக்கும்.

தமிழ்ப் பத்திரிகை உலகம் இந்தச் சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டது. 1942இல் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், இதழாளர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். ஊர் ஊராக இருக்கும் நிருபர்கள் ஆளுக்கொரு நடையில் எழுதி அனுப்பினால் பத்திரிகைக்கென்று ஒரு குரல் இராது. அவர் முதலில் முடிவு செய்தது, யாருக்காக எழுதுகிறோம் என்பதை. அதிகம் படிக்காதவரும் தானே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மற்றவை அதிலிருந்தே பிறந்தன: வாக்கியம் சிறிதாக இருக்க வேண்டும், மக்கள் பேசும் சொல்லையே எடுத்து, கொச்சையை மட்டும் நீக்கி எழுத வேண்டும். இந்த அளவுகோல் கையில் இருந்தால், கையேட்டில் இல்லாத சொல் வந்தாலும் தொலைவில் இருக்கும் நிருபர் தானே முடிவெடுத்துவிடலாம்.

இன்றைய நிறுவனக் கையேடுகள் பலவற்றில் குறைவது இதுதான். “நம் நடை நட்பாக, நம்பகமாக, எளிமையாக இருக்கட்டும்” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மேலே பார்த்த மூவரும் தங்கள் வரி நட்பானது என்றே சொல்வார்கள். அமெரிக்காவின் மெயில்சிம்ப் நிறுவனம் தன் கையேட்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு வேலி போட்டது: கலகலப்பாக இருக்கலாம், சிறுபிள்ளைத்தனம் கூடாது, விஷயம் தெரிந்தவராகப் பேசலாம், அதிகாரம் செய்யக் கூடாது. வேலி இருக்கும்போதுதான் எங்கே நிற்பது என்று எழுதுபவருக்குத் தெரியும்.

நம் சேலைக்கடை எங்கிருந்து தொடங்கலாம்? கடைக்காரர் தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் பேசுவதைக் கவனிப்பதே நல்ல தொடக்கம் என்பேன். கடையின் இயல்பான குரல் அங்கேதான் இருக்கிறது. பிறகு, தமிழ் இரண்டு வழி காட்டும் இடங்களில் எல்லாம் ஒன்றைத் தேர்ந்து, காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்பது ‘காட்டன் சேலை’ என்றால் பருத்தி வேண்டாம், காட்டனே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிவது ‘நிறம்’, நூலில் ஏற்றுவது ‘சாயம்’. கலரும் வண்ணமும் வேண்டாம். வாசகர் எப்போதும் ‘நீங்கள்’. வினை எழுத்து வழக்கில்: ‘போகும்’ சரி, ‘போவும்’ கூடாது, ‘போகக்கூடும்’ என்ற மழுப்பலும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சரியான வரி ஒன்று, தவறான வரி ஒன்று. எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும்; நாற்பது பக்கக் கையேட்டைக் கூலிக்கு எழுதுபவர் ஒரு முறைகூடத் திறக்க மாட்டார்.

குரல் மாறாது, தொனி மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பண்டிகைச் சேலைக் கட்டுரையில் உற்சாகம் பொருந்தும். சாயம் ஒட்டி வெள்ளைச் சட்டை வீணானவருக்குப் பதில் சொல்லும் கட்டுரையில் அதே உற்சாகம் எரிச்சலூட்டும்.

கையேடு வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. மூவரையும் ஒரே குறிப்பிலிருந்து 150 சொல் எழுதச் சொல்லி, பெயரை மறைத்து, அவர்களை நன்கறிந்த ஒருவரிடம் கொடுங்கள். “இது அவர் எழுதியது” என்று எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். ஆச்சரியக்குறியை வைத்து என்றால், ஆச்சரியக்குறிக்கு விதி இல்லை என்று பொருள். திருத்துபவர் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே திருத்தம் மூன்றாவது முறை வந்தால் அது கையேட்டுக்குப் போக வேண்டிய விதி.

இத்தனைக்கும் பிறகு மூவரில் யார் எழுதினாலும் அந்த வரி ஏறத்தாழ இப்படி வரும்: “புதுச் சேலையை முதல் முறை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சாயம் கொஞ்சம் போகும், நிறம் மங்காது.” நிறம் மங்காது என்பது உண்மைதானா என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு எழுதுபவர் சாயப்பட்டறைக்காரரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.